ஐம்பத்தாறு வயதில் இளநிலை வேலை: நேர்காணலுக்குப் பிறகு எழுதும் கடிதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்துச் சிறிய நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் தொழில். கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது, கூட உட்கார்ந்து கேள்வி கேட்க என்னையும் கூப்பிடுவார்கள். வெளியூரில் பெரிய பொறுப்பில் இருந்துவிட்டு, ஓய்வுக்கு இரண்டு மூன்று வருடம் இருக்கும்போது ஊருக்குத் திரும்பிச் சிறிய வேலை தேடுகிறவர்கள் இப்போது நிறைய வருகிறார்கள். அவர்கள் என்னிடம் கேட்டவை இவை.

நேர்காணலில் ரொம்ப மரியாதையா, நல்லா பேசினாங்க. அதுக்கப்புறம் நான் எதுக்கு எழுதணும்?

அந்த மரியாதைதான் காரணம். நம் ஊரில் வயதில் மூத்தவரை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, "இவ்வளவு குறைந்த சம்பளத்துக்கு ஏன் வருகிறீர்கள்?" என்று யாரும் முகத்துக்கு நேரே கேட்பதில்லை. "உங்களைவிடச் சின்னவர் சொல்வதைக் கேட்பீர்களா?" என்றும் கேட்பதில்லை. காபி கொடுத்து, பழைய வேலையைப் பற்றி நாலு வார்த்தை பேசி, "சொல்லி அனுப்புகிறோம்" என்று வாசல் வரை வந்து வழியனுப்புவார்கள். கேட்காத கேள்விகளெல்லாம் நீங்கள் படி இறங்கியபின் உள்ளே பேசப்படும்.

நான் உட்கார்ந்திருந்த ஒரு நேர்காணலைச் சொல்கிறேன். பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக நடத்துகிறார்கள். கணக்கு உதவியாளர் வேலை, சம்பளம் 18,000 முதல் 20,000 வரை. வந்தவருக்கு வயது 56. கொங்கு நாட்டில் ஒரு நூற்பாலையில் தலைமைக் கணக்காளராக இருந்து 62,000 வாங்கியவர். அம்மாவுக்கு முடியவில்லை என்று பள்ளத்தூர்ப் பக்கம் சொந்த வீட்டுக்கு வந்துவிட்டார். இருபத்தைந்து நிமிடம் பேசினோம், எல்லாம் சுமுகமாக முடிந்தது.

அவர் போனதும் மேலாளர் சொன்னார்: "எனக்கு முப்பத்திரண்டு வயசு. இவர்கிட்ட நான் எப்படி வேலை சொல்றது?" விடுதியை நடத்தும் ஆச்சி, "பெரிய சம்பளம் பார்த்தவுக. மூணு மாசத்துல நல்ல இடம் கெடச்சா போயிருவாக" என்றார். என் சந்தேகம் வேறு. "ஆறு பேரை வைத்து வேலை வாங்கினேன்" என்று அவர் சொன்னது காதிலேயே நின்றது. இங்கே அந்த ஆறு பேர் கிடையாது. வவுச்சரை அவரே உட்கார்ந்து போடுவாரா?

இந்த மூன்றில் ஒன்றைக்கூட நாங்கள் அவரிடம் கேட்கவில்லை. மறுநாள் அவர் கடிதம் வந்திராவிட்டால் அந்தப் பேச்சு அப்படியே முடிந்திருக்கும்.

கேட்காத சந்தேகத்தை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?

பெரும்பாலும் நான் மேலே சொன்ன மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். எது என்பதைப் பேச்சுப் போன போக்கிலேயே தெரிந்துகொள்ளலாம். சம்பளத்தை அவர்களே சொல்லிவிட்டு, "நீங்க யோசிச்சுச் சொல்லுங்க" என்று வேகமாக அடுத்த பேச்சுக்குப் போனால், நீங்கள் நிலைக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறார்கள். "எங்க இடம் சின்னதுங்க, இங்க எல்லாரும் எல்லாமும் செய்வோம்" என்று இரண்டு தடவை சொன்னால், கை வேலை செய்வீர்களா என்பது சந்தேகம். மேலாளர் வாயே திறக்காமல் முதலாளியே எல்லாம் பேசினால், அந்த மேலாளருக்குக் கூச்சமோ பயமோ இருக்கிறது.

வெளியே வந்ததும், பஸ் ஏறுவதற்கு முன்பே, அவர்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரவு உட்கார்ந்து எழுதும்போது நமக்குச் சாதகமான வார்த்தைகள்தான் ஞாபகத்தில் இருக்கும்.

சரி, என்னதான் எழுதுவது? ஒரு மாதிரி கிடைக்குமா?

நான் சொன்ன அந்த 56 வயதுக்காரர் எழுதியதையே, ஆளும் இடமும் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். கேட்டு அனுமதி வாங்கியிருக்கிறேன்.

> மேலாளர் அவர்களுக்கு, வணக்கம்.
>
> நேற்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. என் வயதை நினைத்து நீங்கள் கேட்கத் தயங்கியிருக்கக்கூடிய சிலவற்றை நானே சொல்லிவிடுகிறேன்.
>
> பழைய இடத்தில் ஆறு பேரை மேற்பார்வை செய்தேன் என்றேன். இங்கே வேலை வவுச்சர் போடுவது, தினசரி ரொக்கம் சரிபார்ப்பது, பில்களைக் கோப்பில் சேர்ப்பது என்று புரிந்துகொண்டுதான் வந்தேன். கடைசி இரண்டு வருடம் அங்கே ஆள் குறைந்ததால் மாதக் கடைசிப் பதிவுகளை நானே டாலியில் போட்டேன். அறை முன்பதிவு மென்பொருள் எனக்குப் புதிது. ரிசப்ஷனில் இருப்பவரிடம் கேட்டு இரண்டு வாரத்தில் கற்றுக்கொள்வேன்.
>
> இணையதள முன்பதிவுப் பணம் கமிஷன் போக வங்கிக்கு வருகிறது என்றீர்கள். ஒவ்வொரு முன்பதிவுக்கும் முழு வாடகை, கமிஷன், வங்கியில் வந்த தொகை மூன்றையும் தினமும் ஒப்பிட்டு, பொருந்தாதவற்றை மட்டும் சனிக்கிழமை உங்கள் மேசையில் வைப்பேன்.
>
> வேலையில் உங்கள் முடிவே முடிவு. எனக்கு வேறு கருத்து இருந்தால் தனியாக ஒரு தடவை சொல்வேன். பிறகு நீங்கள் சொன்னபடி செய்வேன். என் கடைசி மேலதிகாரி என்னைவிடப் பதினோரு வயது இளையவர். அவரிடம் விசாரித்துக்கொள்ளலாம், எண் தருகிறேன்.
>
> 18,000 முதல் 20,000 வரை என்ற சம்பளம் எனக்குச் சம்மதம், 20,000 எதிர்பார்க்கிறேன். முன்பு வாங்கியது வேறு பொறுப்புக்கான சம்பளம். அம்மாவுக்காக ஊரோடு இருக்க வேண்டியிருக்கிறது. வீடு சொந்தம், கடன் இல்லை, மாதச் செலவு இதற்குள் அடங்கும்.
>
> மூன்று வருடம் இருப்பேன். நடுவில் போக நேர்ந்தால் இரண்டு மாதம் முன்னதாகச் சொல்வேன்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது முன்பதிவு பற்றிய பத்தி. அந்த விடுதியில் ஒரு தவறு நடந்துகொண்டிருந்தது. அறை வாடகை 4,000 என்று வைத்துக்கொள்வோம். முன்பதிவுத் தளம் 600 ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டு 3,400ஐ வங்கிக்கு அனுப்பும். விடுதியில் அந்த 3,400ஐயே வரவாக எழுதி வந்தார்கள். 4,000ஐ வரவில் வைத்து 600ஐச் செலவில் எழுத வேண்டும். விருந்தாளி கொடுத்தது 4,000 என்பதால் ஜிஎஸ்டியும் அதற்குத்தான் கட்ட வேண்டும். இப்படியே ஒரு சீசன் முழுக்க எழுதினால், வருடக் கடைசியில் தளத்தின் அறிக்கையும் நம் புத்தகமும் எங்கேயும் பொருந்தாது.

முப்பது வருட அனுபவம் உள்ளவருக்கு இது கேட்டவுடனே பிடிபட்டிருக்கும். ஆனால் "உங்கள் கணக்கு தவறு" என்று அவர் எழுதவில்லை. அப்படி எழுதியிருந்தால் ஆடிட்டர் நோட்டீஸ் வந்ததுபோல் இருந்திருக்கும், மேலாளரின் பயமும் உறுதியாகியிருக்கும். ஒரு உதவியாளர் தினமும் செய்யக்கூடிய வேலையாக அதை மாற்றி எழுதினார். பொருந்தாததை மேலாளர் மேசையில் வைப்பேன் என்றதில், யாருக்கு யார் கீழே என்பதும் அடங்கிவிட்டது. எனக்கு விஷயம் தெரியும் என்பதால் படித்தவுடன், இவருக்குத் தவறு தெரிந்துவிட்டது, அதைச் சத்தம் போடாமல் சரிசெய்யவும் தெரிகிறது என்று புரிந்தது.

"மூன்று வருடம்" என்பதும் சும்மா வந்த எண் இல்லை. அந்தக் காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்தப் போனவர்கள், கடையைப் பார்த்துக்கொள்ள மேலாளோ அவருக்கு உதவியாக அடுத்தாளோ வைக்கும்போது மூன்று வருடக் கணக்குக்கு இவ்வளவு என்று பேசி முடித்துத்தான் அனுப்பினார்கள். கெடு முடிந்தால் ஊருக்கு வருவார்கள், வேண்டுமானால் மறுபடி பேசிக்கொள்வார்கள். ஆச்சியின் வீட்டிலேயே அப்படிப் போய்வந்த தலைமுறை உண்டு. "நிரந்தரமாக இருப்பேன்" என்று ஐம்பத்தாறு வயதில் எழுதினால் யாரும் நம்ப மாட்டார்கள். கெடு சொன்னால் நம்புவார்கள்.

சம்பளம் எவ்வளவானாலும் பரவாயில்லை, சும்மா இருக்க முடியலைன்னுதான் வர்றேன்னு எழுதினா சீக்கிரம் கிடைக்காதா?

கிடைக்காது. அதே மாதம் இன்னொரு இடத்துக்கு ஒருவர் கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில் எழுதியிருந்தார். அதைப் படித்த முதலாளி, "பொழுது போகணும்னு வர்றவரு, பொழுது போகலைன்னா போயிருவாரு" என்று சொல்லிக் கடிதத்தை வைத்துவிட்டார். சம்பளம் வேண்டாம் என்பவரிடம் வேலை கேட்டு வாங்கவும் முடியாது. தாமதமாக வந்தால் கேட்கச் சங்கடம், தப்பு செய்தால் சொல்லச் சங்கடம்.

ஒரு தொகையைச் சொல்லுங்கள். அவர்கள் சொன்ன வரம்புக்குள் சொல்லுங்கள். இந்தத் தொகையில் எப்படி முடிகிறது என்பதற்கு ஒரே ஒரு வரி போதும். வீட்டு ஐந்தொகையை முழுக்க விரிக்க வேண்டாம். மகளுக்கு எவ்வளவு செய்தீர்கள், மகன் எவ்வளவு அனுப்புகிறான் என்பதெல்லாம் எழுதினால், "இவருக்கு வேறு வருமானம் இருக்கிறது" என்று சம்பளத்தைக் குறைக்கத்தான் பயன்படும்.

பழைய சம்பளத்தை நீங்களாகக் கடிதத்தில் எழுத வேண்டாம். கேட்டிருந்தால் நேர்காணலிலேயே உண்மையைச் சொல்லியிருப்பீர்கள், அது போதும். மறைத்து எழுதினால் பிறகு தெரிந்துவிடலாம்.

இவ்வளவு அனுபவத்துக்கு 22,000 கேட்டிருக்கலாமே?

கேட்டிருக்கலாம். ஆனால் 20,000க்கு ஒரு காரணம் உண்டு. மாதச் சம்பளம் 21,000க்கு மேல் போனால் இ.எஸ்.ஐ. கிடையாது. ஐம்பத்தாறு வயதில், வீட்டில் வயதான அம்மாவும் இருக்கும்போது, தனியாக மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனால் பிரீமியம் எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். இ.எஸ்.ஐ.யில் மனைவியும் உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரும் மருத்துவத்துக்கு வருவார்கள். 20,000 சம்பளத்துக்கு உங்களிடம் பிடிப்பது 150 ரூபாய்தான், நிறுவனம் 650 கட்டும். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் பொதுவாக இது இருக்காது. ஆகவே தொகையை முடிவு செய்வதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை உண்டுன்னு சொல்லிட்டு, சம்பளத்தை ரெண்டாப் பிரிச்சு அடிப்படைச் சம்பளம் 10,000ன்னு போட்டா ஒத்துக்கலாமா?

இதைத் தொடர்கடிதத்தில் எழுத வேண்டாம். வேலை உறுதியானபின், ஆர்டர் கையெழுத்தாவதற்கு முன் பேசுங்கள். ஆனால் பேசாமல் விட்டுவிடாதீர்கள், உங்கள் வயதில் இது முக்கியம்.

பி.எஃப். ஓய்வூதியத்தைக் கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியை வைத்துக் கணக்கிடுகிறார்கள். அதற்கு எடுத்துக்கொள்வது அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும். மாதம் 15,000 என்பது உச்சவரம்பு. நம் ஆள் 62,000 வாங்கினாலும் இந்தக் கணக்கில் 15,000தான். அவர் 56 முதல் 58 வரை 24 மாதம் 10,000 அடிப்படையில் வேலை பார்த்தால், முந்தைய 36 மாதம் 15,000, இந்த 24 மாதம் 10,000 என்று சராசரி 13,000க்கு இறங்கிவிடும். ஓய்வூதியம் என்பது இந்தச் சராசரியைச் சேவை வருடத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பது. உச்சவரம்பு 15,000 ஆன 2014 செப்டம்பருக்குப் பிறகு அவருக்குப் பன்னிரண்டு வருடச் சேவை இருந்தால், அதில் மட்டும் மாதம் சுமார் 340 ரூபாய் குறையும். புதிய இரண்டு வருடச் சேவை சுமார் 370 ரூபாய் கூட்டிக் கொடுக்கும். ஆக இரண்டு வருடம் பணம் கட்டியும் கையில் நிற்பது முப்பது ரூபாய். அடிப்படையை 15,000 என்று வைத்திருந்தால் முழுசாக 430 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாகக் கூடியிருக்கும், அதுவும் ஆயுள் முழுக்க.

ஆகவே 20,000ல் 15,000 அடிப்படை, 5,000 வீட்டு வாடகைப்படி என்று கேளுங்கள். பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 150 போகக் கைக்கு 18,050 வரும். 58 முடிந்ததும் ஓய்வூதியத் திட்டத்துக்குப் போன பங்கு நின்று, நிறுவனம் கட்டும் 1,800ம் உங்கள் பி.எஃப். கணக்கிலேயே சேரும். அந்தத் தேதி வரும் மாதத்தில் சம்பளப் பட்டியலில் மாற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். சிறிய இடங்களில் இதை மறந்துவிட்டு, பிறகு திருத்த அலைவதை நான் பார்த்திருக்கிறேன்.

மேலாளருக்கு என் மகன் வயசு. தம்பின்னு கூப்பிடுறதுதானே இயல்பு?

வீட்டிலும் கோயிலிலும் இயல்பு. இந்தக் கடிதத்தில் வேண்டாம். நீங்கள் பாசமாகத்தான் எழுதுவீர்கள், ஆனால் அவருடைய பயமே அங்கேதான் இருக்கிறது. "மேலாளர் அவர்களுக்கு" என்று தொடங்குங்கள், "நீங்கள்" என்றே எழுதுங்கள். வேலையில் சேர்ந்தபின் மற்றவர்கள் முன்னால் "சார்". அவர் உங்களை அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தால் அது அவர் விருப்பம். அறிவுரைபோல் ஒலிக்கிற எதையும் எழுத வேண்டாம். "உங்களைப் போன்ற இளைஞர்களுக்கு என் அனுபவம் வழிகாட்டும்" என்ற வரியைக் கடிதத்துக்குக் கடிதம் பார்க்கிறேன். நல்ல மனதோடுதான் எழுதுகிறார்கள், ஆனால் படிக்கிற மேலாளருக்குத் தலைக்கு மேல் இன்னொரு மேலாளர் வருகிறார் என்றுதான் தோன்றுகிறது.

ஆச்சிக்குத் தெரிஞ்சவங்க எங்க சொந்தத்துல இருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லச் சொல்லலாமா?

நேர்காணலுக்கு முன்னால் சொல்லியிருந்தால் சரி. முடிந்தபின் வேண்டாம். காரைக்குடியில் யாரைக் கேட்டாலும் யாருக்காவது பங்காளியாகவோ சம்பந்தியாகவோ இருப்பார்கள், அதனால் கை தானாக அந்தப் பக்கம் போகும். ஆனால் சிபாரிசு போவது முதலாளிக்கு. மேலாளர் காதுக்கு அது, "இவர் என்னைத் தாண்டிப் போகிறவர்" என்றுதான் வந்து சேரும். உங்களோடு தினமும் உட்காரப் போவது மேலாளர். கடிதமும் அவர் பெயருக்கே போகட்டும். முதலாளிக்குக் காட்ட வேண்டுமானால் அவரே காட்டுவார். நம் ஆள் விஷயத்தில் அப்படித்தான் நடந்தது, மேலாளர் தாளில் அச்செடுத்து ஆச்சியிடம் கொடுத்தார்.

வாட்ஸ்அப்பில் அனுப்பலாமா, மின்னஞ்சலா?

உங்களை எதில் கூப்பிட்டார்களோ அதில். வாட்ஸ்அப் என்றால் ஒரே செய்தியாக, மறுநாள் காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள் அனுப்புங்கள். குரல் பதிவு வேண்டாம், அதை இன்னொருவருக்குக் காட்ட முடியாது. விடுதி என்றால் ஞாயிறு மதியம் அறை காலியாகும் நேரம், அப்போது யாரும் படிக்க மாட்டார்கள்.

எழுதி ஆறு நாள் ஆச்சு, பதிலே இல்லை. திரும்ப எழுதலாமா?

ஏழாவது நாள் மேலாளருக்கு ஒரு போன் போடுங்கள். "கடிதம் கிடைத்ததா? ஏதாவது விளக்கம் வேண்டுமென்றால் நேரில் வருகிறேன்" என்று இரண்டு வாக்கியம் போதும். சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் அந்தப் போனில் சொல்லிவிடாதீர்கள். ஒரு வாரத்தில் தானாக இறங்கிய தொகை, முதலில் எழுதிய தொகையையும் பொய்யாக்கிவிடும்.

அவர்கள் "பார்த்துக்கிட்டிருக்கோம்" என்றால் இன்னும் ஆளை முடிவு செய்யவில்லை. "சொல்லி அனுப்புறோம்" என்று மறுபடியும் வந்தால் பெரும்பாலும் வேறு ஆளைப் பார்த்துவிட்டார்கள், நீங்களும் அடுத்த இடத்தைப் பார்க்கலாம். நேரில் வரச் சொல்லி ஏதாவது ஒரு சின்னக் கேள்வி கேட்டால் பாதி முடிந்தது. நம் ஆளை ஐந்தாம் நாள் கூப்பிட்டார்கள். ஆச்சி சம்பளத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "அம்மாவுக்குத் திடீர்னு முடியலைன்னா என்ன செய்வீக?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கு வரமாட்டேன், ஆனால் முந்தைய நாள் வரை உள்ள கணக்கு முடிந்திருக்கும் என்றார் அவர். 20,000க்கு முடிந்தது. கார்த்திகையில் சேர்ந்தார், சீசன் தொடங்குவதற்கு முன்பே முன்பதிவுக் கணக்கு 4,000 வரவு, 600 செலவு என்று ஒழுங்காகிவிட்டது.